பழைய விஎச்எஸ் பேட்டியில் முகம் மாற்றும் முன்: bwdif-ஆ, QTGMC-ஆ, ஏஐ மென்பொருளா?

1990-களில் விஎச்எஸ் கேசட்டில் எடுத்த ஒரு பேட்டி. அதை இன்று ஆவணப்படத்தில் சேர்க்க வேண்டும். பேசியவர் இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறார், முகம் தெரிந்தால் அவருக்குத் தொல்லை. கட்டம் கட்டமாக மறைத்தால் அவர் கண் கலங்குவதும் உதட்டைக் கடிப்பதும் சேர்ந்தே போய்விடும். அதனால் சம்மதம் கொடுத்த இன்னொருவரின் முகத்தை அவர் மேல் பொருத்தலாம் என்று முடிவெடுக்கிறார்கள். 'வெல்கம் டு செச்னியா' (2020) படத்தில் டேவிட் ஃபிரான்ஸ் இப்படித்தான் தன் சாட்சிகளைக் காப்பாற்றினார். அவர் கையில் இருந்தது புதிய டிஜிட்டல் காட்சி. நம்மிடம் இருப்பது கேசட். "முகத்தை மாற்றும் முன் இதை எதில் போட்டுச் சுத்தம் செய்வது?" என்ற கேள்வியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. முகம் மாற்றும் மென்பொருள் பழைய முகத்தின் தோல், சுருக்கம், மீசை எல்லாவற்றையும் தூக்கி எறியப் போகிறது. அதற்குத் தேவை இரண்டே: முகம் எங்கே இருக்கிறது, என்ன பாவனையில் இருக்கிறது. ஆகவே கண்ணுக்கு அழகாகத் தெரியும்படி சுத்தம் செய்வதும், முக மாற்றத்துக்குத் தோதாகச் சுத்தம் செய்வதும் வேறு வேறு வேலைகள்.

## கேசட்டில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது

நம் பக்கத்து கேசட்டுகள் PAL என்ற வீடியோ முறையில் பதிவானவை. வினாடிக்கு 25 ஃப்ரேம், ஒவ்வொரு ஃப்ரேமிலும் இரண்டு ஃபீல்டு. ஒரு ஃபீல்டில் ஒற்றைப்படைக் கோடுகள், அடுத்ததில் இரட்டைப்படைக் கோடுகள். இப்படிப் பிரித்துப் பதிவதுதான் இன்டர்லேஸ், அதை முழு ஃப்ரேம்களாக்குவது டீஇன்டர்லேஸ். இரண்டு ஃபீல்டுக்கும் நடுவே ஐம்பதில் ஒரு வினாடி ஓடிவிடுகிறது. அதற்குள் தலை திரும்பினால் இரண்டு நேரங்களும் ஒரே ஃப்ரேமில் பின்னிக்கொண்டு ஓரங்களில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரியும்.

கேப்சர் செய்த கோப்பு 720×576 என்று காட்டும். அதை நம்பி ஏமாற வேண்டாம். விஎச்எஸ் ஒரு கோட்டில் தாங்கும் வெளிச்ச விவரம் சுமார் 300 புள்ளிதான். நிற விவரம் இன்னும் மோசம், நாற்பது ஐம்பதுக்குள் அடங்கிவிடும். இடுப்பளவுக் காட்சியில் முகம் 70 பிக்சல் அகலம், 110 கோடு உயரம் என்று வையுங்கள். அந்த முகத்தின் குறுக்கே உண்மையில் இருப்பது முப்பது வெளிச்சப் புள்ளியும் நான்கைந்து நிறத் திட்டும். உயரத்திலும் ஒரு ஃபீல்டுக்கு 55 கோடுதான். இதனால் ஒரு நன்மையும் உண்டு: 128 பிக்சல் முகம் தரும் சாதாரண மாற்று மாடலே இந்தக் காட்சிக்குத் தாராளம். பெரிய மாடலுக்குச் செலவழித்தால் அந்தக் கூடுதல் விவரத்தைப் பிறகு நீங்களே மங்கலாக்க வேண்டிவரும்.

சரி, வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் கோப்பைப் பாருங்கள். உயரம் 576 இல்லாமல் 480 அல்லது 360 என்று இருந்தால், யாரோ இன்டர்லேஸோடு சேர்த்தே அளவைச் சுருக்கிவிட்டார்கள். சீப்புக் கோடுகள் படத்தோடு கரைந்துபோயிருக்கும், எந்த டீஇன்டர்லேஸராலும் பிரிக்க முடியாது. கேசட் இன்னும் இருந்தால் மறுபடி கேப்சர் செய்வதுதான் மலிவான வழி. நேர்க்கோடுகள் வளைந்து நெளிந்து ஆடினாலும் இதே பதில்தான். அது டேப் ஓட்டத்தில் வந்த நேரப் பிழை. அந்தப் பிழையைத் திருத்தும் டிபிசி உள்ள டெக்கில் மறுபடி ஓட்டினால் பெரும்பாலும் நிற்கும், பிறகு மென்பொருளில் போராடினால் சரிவர நிற்காது.

உயரம் 576 என்றால் எந்த ஃபீல்டு முதலில் வருகிறது என்று ffmpeg என்ற கட்டளைக் கருவியிடம் கேளுங்கள்:

```
ffmpeg -i petti.avi -vf idet -frames:v 500 -an -f null -
```

கடைசியில் TFF, BFF என்று இரண்டு எண்ணிக்கை வரும். மேல் ஃபீல்டு முதலில் என்றால் TFF, கீழ் ஃபீல்டு முதலில் என்றால் BFF. எது அதிகமோ அதுதான் வரிசை. DV கேமரா அல்லது DV கருவி வழியாக வந்த கோப்பு பொதுவாக BFF. அசையாத காட்சியில் இந்தச் சோதனை குழம்பும், அதனால் ஆள் கையாட்டிப் பேசும் பகுதியில் ஓட்டுங்கள். வரிசையைத் தப்பாகக் கொடுத்தால் கை இரண்டடி முன்னே போய் ஓரடி பின்னே வருவது போல நடுங்கும். முகத்தைத் தேடும் மென்பொருளும் அப்படியே நடுங்கும்.

## எதை வைத்து அளப்பது

இமைக் கோடு நிலையாக நிற்கிறதா. இதுதான் எனக்கு முதல் அளவுகோல். ஒரு ஃபீல்டில் இல்லாத கோடுகளை டீஇன்டர்லேஸர் ஊகித்து நிரப்புகிறது. மெல்லிய கிடைக்கோடு ஒரு ஃபீல்டில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. ஊகம் சரியில்லாவிட்டால் அந்தக் கோடு மேலும் கீழும் துள்ளும். முகத்தில் மென்பொருள் பிடித்துக்கொள்ளும் இடங்களைப் பாருங்கள்: புருவம், மேல் இமை, இரண்டு உதடுகளும் சேரும் கோடு. எல்லாமே கிடைக்கோடுகள். சுவரும் நாற்காலியும் அசையாமல் இருக்க, பொருத்திய முகம் மட்டும் ஆடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இதை அளக்க எளிய வழி உண்டு. பேசுபவர் சும்மா கேட்டுக்கொண்டிருக்கும் இரண்டு வினாடியை எடுங்கள், அதில் 100 ஃப்ரேம் இருக்கும். முகத்தைத் தேடும் மென்பொருள் தரும் கண் மையத்தின் உயர எண்ணை ஒற்றைப்படை ஃப்ரேம்களுக்குத் தனியாகவும் இரட்டைப்படை ஃப்ரேம்களுக்குத் தனியாகவும் சராசரி எடுங்கள். இரண்டும் அரைப் பிக்சலுக்கு மேல் விலகினால் அந்த டீஇன்டர்லேஸை நான் ஏற்பதில்லை.

உதடு மூடுவது தப்பிக்கிறதா. 'ப', 'ம' சொல்லும்போது உதடு முழுதாக மூடித் திறக்கிறது, மொத்தம் பத்தில் ஒரு வினாடி போல. வினாடிக்கு 50 ஃப்ரேமில் அது ஐந்து ஃப்ரேம், 25-இல் இரண்டு மூன்றுதான். முன்னும் பின்னும் உள்ள ஃப்ரேம்களைக் கலந்து படத்தில் மினுங்கும் புள்ளி இரைச்சலைக் குறைக்கும் எந்த வடிகட்டியும் முதலில் விழுங்குவது இந்த மூடலைத்தான். "அப்பா", "அம்மா" வரும் இடத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். மூலத்தில் மூடும் உதடு சுத்தம் செய்ததில் பாதி திறந்தே இருந்தால், பொருத்திய முகமும் அப்படித்தான் பேசும், ஒலியோடு ஒட்டாது.

இல்லாததைச் சேர்க்கிறதா. சாட்சியம் சொல்பவரின் பார்வையும் பாவனையும் அவருடையதாகவே இருக்க வேண்டும்.

நேரம், பணம், ரகசியம். கடைசியில் சொன்னாலும் ரகசியம் இந்த மாதிரி வேலையில் மற்ற இரண்டையும் விடப் பெரிது.

## வழி 1: bwdif

ffmpeg-இல் கூடவே வருவது. ஒரே வரி போதும்:

```
ffmpeg -i petti.avi -vf "bwdif=mode=send_field:parity=tff:deint=all,scale=768:576" -c:v ffv1 -an out1.mkv
```

சோதனையில் BFF வந்திருந்தால் `parity=bff` போடுங்கள். `send_field` ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு முழு ஃப்ரேமாக்கி வினாடிக்கு 50 தருகிறது. `send_frame` போட்டால் 25-தான் வரும், பாதி அசைவு போய்விடும். கடைசிப் படம் 25-இல் போகப் போகிறது என்றாலும் முகம் மாற்றும் வரை 50-லேயே வைத்திருங்கள். உதட்டுக்கும் கண் சிமிட்டலுக்கும் அது இரட்டிப்பு இடம் கொடுக்கிறது. அளவு மாற்றுவது டீஇன்டர்லேஸுக்குப் பிறகுதான் வர வேண்டும். 768×576 ஆக்கினால் பிக்சல் சதுரமாகி, ஒடுங்கித் தெரிந்த முகம் இயல்பான அகலத்துக்கு வரும்.

உதட்டு அளவுகோலில் bwdif நன்றாகவே தேறுகிறது, ஏனென்றால் அது காலத்தில் அதிகம் கலப்பதில்லை. இல்லாத எதையும் சேர்ப்பதுமில்லை. தவறுவது இமைக் கோட்டில். மூக்குக்கண்ணாடி அணிந்தவர், மை தீட்டிய கண், மெல்லிய புருவம் என்றால் துள்ளல் கண்ணுக்கே தெரியும். இரைச்சலையும் அப்படியே விட்டுவிடுகிறது. இங்கேதான் மறைந்த செலவு: கோப்பு பத்து நிமிடத்தில் தயாராகிவிடும், பிறகு முக அடையாளப் புள்ளிகளை ஃப்ரேம் ஃப்ரேமாகத் திருத்துவதில் நாள் போகும்.

முகம் பெரிதாக, நெருக்கமாக, வெளிச்சத்தில் இருந்தால் இதுவே போதும். எந்தப் பகுதி படத்தில் நிற்கும் என்று தெரியாமல் பல மணி நேரக் காட்சியைச் சோதித்துப் பார்க்கும் கட்டத்திலும் இதைத்தான் ஓட்டுவேன்.

ஒரு ஃபீல்டைத் தூக்கி எறிந்துவிட்டு மற்றதை இழுத்துப் பெரிதாக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. துள்ளல் வராது என்பது உண்மை. ஆனால் 110 கோட்டு முகம் 55 கோடாகி, இமையும் புருவமும் ஒன்றாக ஒட்டிவிடும். சிறிய முகத்துக்கு அது சரிப்படாது.

## வழி 2: QTGMC

இது AviSynth, VapourSynth என்ற வீடியோ நிரல் கருவிகளில் ஓடும் ஸ்கிரிப்ட். நிரலைப் பார்த்துப் பயப்படுபவர்கள் Hybrid என்ற இலவச மென்பொருளில் பொத்தானாகவே இதைப் பெறலாம். AviSynth-இல் நிரலும் உண்மையில் இவ்வளவுதான், BFF கோப்பு என்றால் `AssumeBFF()`:

```
AviSource("petti.avi")
AssumeTFF()
QTGMC(Preset="Slow")
```

இது முன்னும் பின்னும் உள்ள ஃபீல்டுகளில் ஒவ்வொரு துண்டும் எங்கே நகர்ந்தது என்று தேடி, அந்த நகர்வைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, கிடைக்கோட்டுத் துள்ளலைக் காலத்தில் சமன் செய்கிறது. அதாவது நம் முதல் அளவுகோல் எதைக் கேட்கிறதோ அதற்காகவே எழுதப்பட்டது. சும்மா இருக்கும் முகத்தில் ஒற்றை, இரட்டை ஃப்ரேம் சராசரி விலகல் ஏறக்குறைய மறைந்துவிடும். இரைச்சலும் கூடவே கணிசமாக அடங்கும். பலர் இதற்கு மேல் இன்னொரு இரைச்சல் நீக்கியைப் போடுகிறார்கள். பேட்டிக் காட்சிக்கு அது பெரும்பாலும் தேவையில்லை.

தவறும் இடங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பேசுபவர் கையை முகத்துக்குக் குறுக்கே வேகமாக வீசினால் நகர்வைத் தேடும் கணக்கு குழம்பி, கன்னத்தில் விரலின் சாயல் ஒட்டிக்கொள்ளும். டேப்பில் பூச்சு போன இடத்தில் வரும் வெள்ளைக் கீறல் ஒரு ஃபீல்டில்தான் இருக்கும். அதுவும் சில சமயம் பக்கத்து ஃப்ரேம்களுக்கு மங்கலாகப் பரவும். அந்தச் சில வினாடிகளுக்கு மட்டும் bwdif வெளியீட்டை எடுத்து இடையில் வைப்பேன். இரண்டும் 50 ஃப்ரேம் என்பதால், QTGMC வெளியீட்டையும் 768×576 ஆக்கிவிட்டால் எண் பார்த்து அப்படியே மாற்றிவிடலாம்.

இன்னொரு ஆபத்து ஆசையால் வருவது. இரைச்சலைக் குறைக்கும் `EZDenoise` எண்ணை ஏற்ற ஏற்ற சுவர் பளிங்கு மாதிரி ஆகும், பார்ப்பவருக்கு மகிழ்ச்சியாக இருக்கும், உதட்டு மூடல் போய்விடும். சுவரைப் பார்த்து அந்த எண்ணை வைக்காதீர்கள், "அம்மா"வைப் பார்த்து வையுங்கள்.

மறைந்த செலவு நேரம். 10 நிமிடப் பேட்டி என்றால் 30,000 ஃப்ரேம். சாதாரண கணினியில் இரவு ஓட விட்டுத் தூங்கப் போவதே நல்லது. முதல் முறை நிறுவும்போது துணைச் செருகுகளைத் தேடிச் சேர்ப்பதும் பொறுமையைச் சோதிக்கும்.

## வழி 3: ஏஐ மேம்பாட்டு மென்பொருள்

டீஇன்டர்லேஸ் செய்வது, பெரிதாக்குவது, முகத்தைத் தெளிவாக்குவது எல்லாம் ஒரே பொத்தானில். Topaz Video AI போன்றவற்றில் இன்டர்லேஸ் காட்சிக்கென்றே தனி மாடல்கள் உண்டு. GFPGAN, CodeFormer போன்ற முக மீட்பு மாடல்கள் தனியாகக் கிடைக்கின்றன. முன்னும் பின்னும் வைத்துக் காட்டும்போது வாயைப் பிளக்க வைக்கும். ஆவணப்பட முக மாற்றத்துக்கு நான் இதை முதல் தேர்வாக வைப்பதில்லை.

காரணம் எளிது. முப்பது புள்ளி முகத்தில் கண்ணிமை மயிர் இல்லை. மாடல் அதை வேறு ஆயிரக்கணக்கான முகங்களைப் படித்த பழக்கத்தில் வரைகிறது. வரைந்த தோலும் மயிரும் முக மாற்றத்தில் எப்படியும் அழியப் போகின்றன, அதனால் அங்கே நஷ்டம் பணம் மட்டுமே. ஆனால் பாவனையையும் சேர்த்தே வரைகிறது. பாதி மூடிய இமையை முழுதாகத் திறந்துவிடும். கீழே பார்க்கும் கண்ணை கேமராவைப் பார்க்க வைக்கும். உதட்டுக்கு நடுவே இருந்த இருட்டைப் பல்வரிசை ஆக்கிவிடும். முக மாற்று மென்பொருள் அந்தப் பொய்யை உண்மை என்று எடுத்துக்கொண்டு புதிய முகத்துக்கு மாற்றிவிடும். பார்ப்பவருக்கு எங்கே தவறு என்று கண்டுபிடிக்கவே முடியாது, ஏனென்றால் படம் தெளிவாக இருக்கிறது. முக மீட்பு மாடல்கள் ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனியாக வரைவதால் கண் மினுமினுக்கவும் செய்யும்.

இன்னொரு செலவு பலர் கண்ணில் படுவதில்லை. இணையத்தில் ஏற்றி மேம்படுத்தும் சேவையைப் பயன்படுத்தினால், யாருடைய முகத்தை மறைக்கவே இவ்வளவு பாடுபடுகிறோமோ அந்த முகத்தை முதல் வேலையாக ஒரு அந்நியக் கணினியில் கொண்டுபோய் வைக்கிறோம். அந்த வழியைத் தொடவே தொடாதீர்கள். உங்கள் மேசையில், இணைப்பைத் துண்டித்த கணினியில் ஓடுவது மட்டுமே இந்த வேலைக்கு ஏற்றது.

இது ஜெயிக்கும் இடமும் உண்டு. கேசட் தொலைந்துவிட்டது, கையில் இருப்பது யாரோ தப்பாக டீஇன்டர்லேஸ் செய்து இரண்டு ஃபீல்டையும் கலந்த கோப்பு மட்டுமே என்றால், மற்ற இரண்டு வழிகளும் அங்கே செய்ய ஒன்றுமில்லை. மறைக்க எதுவும் இல்லாத, எல்லோரும் சம்மதித்த குடும்பக் கல்யாண வீடியோவில் பெரிய திரைக்காகச் செய்தாலும் சரி, எடுத்துக்கொள்ளலாம். அப்போதும் முக மீட்பை அணைத்துவிட்டு மற்றதை மட்டும் ஓட்டுங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | bwdif | QTGMC | ஏஐ மேம்பாடு |
|---|---|---|---|
| இமைக் கோட்டுத் துள்ளல் | தெரியும் | அடங்கும் | பெரும்பாலும் அடங்கும், கண் மினுமினுக்கலாம் |
| உதட்டு மூடல் | தப்பிக்கும் | எண்ணை ஏற்றாதவரை தப்பிக்கும் | நம்ப முடியாது |
| இல்லாததைச் சேர்த்தல் | இல்லை | இல்லை, வேக அசைவில் சாயல் | உண்டு |
| மறைந்த செலவு | பிறகு கையால் திருத்தம் | இரவு முழுக்க ஓட்டம் | கட்டணம், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு, ரகசியம் |
| பொருந்தும் இடம் | நெருக்கக் காட்சி, முதல் சோதனை | பேட்டி, சிறிய முகம் | கெட்டுப்போன கோப்பு, கேசட் இல்லாத நிலை |

## ஒரு பேட்டியை முடித்துப் பார்ப்போம்

அதே இடுப்பளவுக் காட்சி, 70 பிக்சல் முகம், மூக்குக்கண்ணாடி அணிந்தவர், ட்யூப்லைட் வெளிச்சம். என் தேர்வு QTGMC, `Slow`. ஆனால் ஒரு பிரதி போதாது, இரண்டு தேவை.

முதலாவது தேடும் பிரதி. இதில் `EZDenoise` போட்டுக் கொஞ்சம் கூடுதலாகவே அடக்கலாம், முகம் எங்கே, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க மட்டும். இரண்டாவது ஒட்டும் பிரதி. இது இரைச்சலை விட்டுவைத்த மிதமான பிரதி, உதட்டையும் பாவனையையும் இதிலிருந்துதான் எடுக்க வேண்டும், புதிய முகமும் இதன் மேல்தான் உட்கார வேண்டும். இரண்டும் ஒரே ஸ்கிரிப்டின் இரண்டு ஓட்டம் என்பதால் ஃப்ரேம் எண்ணிக்கையும் அளவும் ஒன்றாக இருக்கும். இருந்தாலும் முதல், கடைசி ஃப்ரேம்களை ஒப்பிட்டுவிடுங்கள்.

ஒட்டும் பிரதியில் நான் தாராளமாகச் சுத்தம் செய்வது நிறத்தை மட்டும். உதட்டின் வடிவம் வெளிச்சத்தில் இருக்கிறது, நிறத்தில் இல்லை. அதனால் நிறத்தில் மிதக்கும் சிவப்பு, நீலத் திட்டுகளை ffmpeg-இன் இந்த வடிகட்டியால் அழுத்தமாகத் துடைத்தாலும் பேச்சு கெடாது:

```
hqdn3d=1:4:1.5:6
```

முதல் எண்ணும் மூன்றாவதும் வெளிச்சத்துக்கு, மற்ற இரண்டும் நிறத்துக்கு. விஎச்எஸ்-இல் நிறம் வலப்பக்கம் தள்ளி விழுந்திருக்கும். உதட்டுச் சிவப்பு உதட்டுக்கு வெளியே வழிவதைப் பார்த்தாலே தெரியும். பொருத்தும் முன்பே அதை இழுத்து இடத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் புதிய முகத்தின் நிறமும் பக்கத்துக் கழுத்தின் நிறமும் ஒட்டாது.

பொருத்திய பிறகு புதிய முகம் மட்டும் பளிச்சென்று தனியாகத் தெரியும். அதையும் கேசட் தரத்துக்கு இறக்க வேண்டும்: குறுக்கே மட்டும் மங்கலாக்குவது, நிறத்தை இன்னும் அதிகமாகப் பரப்புவது, கடைசியில் இரைச்சலைச் சேர்ப்பது. இரைச்சலை எங்கிருந்து எடுக்கிறோம் என்பது முக்கியம். ஒட்டும் பிரதியிலிருந்து தேடும் பிரதியைக் கழித்தால் அதே கேசட்டின் இரைச்சல் அழகாகக் கிடைக்கும் என்று செய்பவர்கள் உண்டு. முகத்தின் மேல் அதைச் செய்யாதீர்கள். அந்தக் கழித்தலில் இரைச்சலோடு பழைய முகத்தின் கண்ணோரம், மூக்குக் கோடு, தாடை எல்லாம் மெல்லிய கோடாகத் தங்கியிருக்கும். அதைப் புதிய முகத்தின் மேல் தூவினால், மறைத்தவரை நாமே திரும்ப வரைந்துவிடுகிறோம். பின்னாலிருக்கும் வெற்றுச் சுவரிலிருந்து இரைச்சலை எடுத்து அதைத் தூவுங்கள்.

புதிய முகம் எதுவரை ஒட்ட வேண்டும் என்று எல்லை போடும் முகமூடியின் ஓரத்தையும் ஒருமுறை கவனியுங்கள். நிறத்தில் ஒரு புள்ளி 720-இல் சுமார் 16 பிக்சலுக்குப் பரவுகிறது. வெளிச்சத்துக்குப் போட்ட அதே எல்லையை நிறத்துக்கும் போட்டால், பழைய தாடையின் தோல் நிறம் வலப்பக்கம் ஒரு பட்டையாக வெளியே நிற்கும். நிற எல்லையை அந்த அளவுக்கு அகலமாக விடுங்கள். பிறகு நிறத்தை மட்டும் தனியாகப் பிரித்து, வேகத்தைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். பழைய முகத்தின் விளிம்பு எந்த ஃப்ரேமிலாவது எட்டிப் பார்த்தால் அங்கே தெரியும். மூக்குக்கண்ணாடியின் வலக் காம்பு காதைத் தொடும் இடத்தில்தான் அது பெரும்பாலும் சிக்கும். காதும் முடியும் முக மாற்றத்தில் மாறுவதில்லை என்பதால் அந்த இடத்தைக் கையால்தான் மூட வேண்டும்.